ஓட்டலுக்கும் கப்பலுக்கும் போகும் சமையல்காரருக்கு எந்தச் சான்றிதழ் எதற்கு?

எட்டு வருஷம் ஒரு உணவகத்தில் அடுப்படியில் நின்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். மதியக் கூட்டம், இரவுக் கூட்டம் இரண்டையும் தனி ஆளாகச் சமாளிப்பார். கை வேகம் உண்டு, நாக்கு உண்டு. ஒரு நாள் பயணிகள் கப்பலில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று முடிவெடுக்கிறார். விசாரித்தால் ஒருவர் "டிப்ளமோ வேண்டும்" என்கிறார், இன்னொருவர் "செஃப் சர்டிபிகேட் போதும்" என்கிறார், மூன்றாமவர் "கடல் சான்றிதழ் இல்லாமல் ஒன்றும் நடக்காது" என்கிறார். மூவரும் சொல்வது சரிதான். ஆனால் மூவரும் வெவ்வேறு காகிதங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். இந்த வித்தியாசம் புரியாமல் ஏற்கெனவே தெரிந்த விஷயத்துக்குப் பணம் கட்டிப் படித்து, தெரியாத விஷயத்தில் தேர்வில் கோட்டை விடுகிறவர்கள் நிறையப் பேர்.

டிப்ளமோ என்பது படிப்பு. வகுப்பு, பயிற்சிச் சமையலறை, பாடத்திட்டம், கடைசியில் தேர்வு என்று அது ஓடும். 1878ல் தொடங்கிய பிரிட்டனின் சிட்டி அண்ட் கில்ட்ஸ் அமைப்பு தரும் தொழில்முறைச் சமையல் டிப்ளமோ இந்த வகை. பல நாடுகளில் உள்ள பயிற்சி மையங்கள் அதன் பாடத்திட்டத்தைத்தான் நடத்துகின்றன.

செஃப் சான்றிதழ் வேறு. அது எதையும் புதிதாகச் சொல்லித் தருவதில்லை. நீங்கள் இப்போது எந்த நிலையில் வேலை செய்கிறீர்கள் என்பதை மதிப்பிட்டு முத்திரை குத்துகிறது. 1928ல் பாரிஸில் தொடங்கிய வேர்ல்டுசெஃப்ஸ் என்ற உலகக் கூட்டமைப்பு இப்படி ஒரு சான்றிதழ் வரிசை வைத்திருக்கிறது. சாதாரணச் சமையல்காரர், ஒரு பிரிவின் பொறுப்பாளர், துணைத் தலைமைச் சமையல்காரர் என்று அது மேலே ஏறிக்கொண்டே போகும். வேலையில் காட்டிய திறனுக்கான ஆதாரங்களைத் திரட்டி மதிப்பீட்டுக்கு வைக்க வேண்டும். அமெரிக்கன் குலினரி ஃபெடரேஷனின் சான்றிதழுக்கு அனுபவத்தோடு எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டும் உண்டு. அங்கே ஊட்டச்சத்து, உணவுப் பாதுகாப்பு, மேற்பார்வை ஆகிய மூன்றிலும் தலா 30 மணி நேரப் படிப்பைக் காட்டச் சொல்கிறார்கள். சமையல் அனுபவம் எவ்வளவு இருந்தாலும் இந்த மூன்றும் தானாக வந்துவிடாது என்பதுதான் அதற்குக் காரணம்.

மூன்றாவது வகை, கடலில் கால் வைக்கச் சட்டம் கேட்கும் காகிதங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் சமையலுக்கும் சம்பந்தமே இல்லை. அவற்றைக் கடைசியில் பார்ப்போம்.

நம் எட்டு வருஷக்காரர் டிப்ளமோ படிக்க வேண்டுமா? என் கருத்தில், அவருக்கு முழு நீளப் படிப்பு அவசியமில்லை. அவரிடம் இல்லாத ஒரு பகுதி மட்டும் கட்டாயம் வேண்டும். அது எண்களோடு சமைப்பது. சின்ன உணவகத்தில் கண் அளவு, கை அளவு போதும்; பற்றாமல் போனால் பின்னால் போய் இன்னும் கொஞ்சம் நறுக்கிக்கொள்ளலாம். விருந்துச் சமையலறையில் 300 பேருக்கு ஒரே நேரத்தில் தட்டு போகிறது. கப்பலிலோ நடுக்கடலில் கடை கிடையாது. சரக்குக் கிடங்குக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டில் உள்ள எண்தான் உங்கள் கைக்கு வரும்.

இதை ஒரு கணக்காகவே பார்த்துவிடலாம். 300 பேர் விருந்து. தட்டுக்கு 80 கிராம் கேரட், தோல் சீவி நறுக்கித் தயாரான நிலையில். மொத்தம் 24 கிலோ தேவை. தோல், தலை, வால் போக முழுக் கேரட்டில் சுமார் 80 சதவீதம்தான் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். கிடங்கில் எத்தனை கிலோ கேட்க வேண்டும்?

பெரும்பாலான அனுபவசாலிகள் இப்படிச் செய்கிறார்கள்: 20 சதவீதம் கழிவு, அதனால் 24 கிலோவோடு 20 சதவீதம் சேர்த்தால் 28.8 கிலோ. பார்த்தால் சரி போலவே இருக்கும். ஆனால் 28.8 கிலோவைச் சீவினால் அதில் 80 சதவீதம், அதாவது 23.04 கிலோதான் கிடைக்கும். 960 கிராம் குறைகிறது. 80 கிராம் வீதம் அது 12 தட்டு. விருந்து நடக்கும்போது 12 பேர் தட்டில் கேரட் இல்லை என்றால் அந்த இரவு யாரிடம் கேள்வி வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரியான வழி கூட்டல் அல்ல, வகுத்தல். தயாரான எடையை மிஞ்சும் விகிதத்தால் வகுக்க வேண்டும். 24ஐ 0.8ஆல் வகுத்தால் 30 கிலோ. கழிவு என்பது முழுச் சரக்கின் 20 சதவீதம். தயாரான எடையின் 20 சதவீதம் அல்ல. இந்த ஒரு வரிதான் வித்தியாசம். கழிவு அதிகமாக அதிகமாகத் தவறும் பெரிதாகும். முழு மீனை வாங்கி முள் நீக்கித் துண்டு போடும்போது மிஞ்சுவது பாதிக்கும் குறைவாக இருக்கலாம். அங்கே கூட்டல் கணக்குப் போட்டால் விருந்தே நின்றுவிடும். பயிற்சிச் சமையலறையில் ஒவ்வொரு காயையும் சீவுவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டு எழுதச் சொல்வது இதற்காகத்தான். முதல் வாரத்தில் அது அலுப்பாக இருக்கும். ஆனால் தன் கையில் எந்தப் பொருள் எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரிந்த பிறகு ஒரு சமையல்காரர் சீட்டு எழுதும் விதமே மாறிவிடும்.

அடுத்து ட்ரேட் டெஸ்ட். நேர்காணலுக்குப் பிறகு சமையலறையில் நிறுத்திச் செய்து காட்டச் சொல்லும் தேர்வு. இங்கேதான் அனுபவசாலிகள் அதிகம் தடுமாறுகிறார்கள், அதுவும் அவர்களுக்குக் கைவந்த வேலையிலேயே. காய் நறுக்கச் சொல்வார்கள். மூன்று மில்லிமீட்டர் கனச்சதுரம் என்றால் ப்ரூன்வா, அதே மூன்று மில்லிமீட்டர் தடிமனில் நீளக் குச்சி என்றால் ஜூலியன். பெயர் தெரியாவிட்டால் என்ன கேட்கிறார்கள் என்றே புரியாது. பெயர் தெரிந்தாலும் வேகமாக வெட்டி, இரண்டு மில்லிமீட்டரும் ஐந்து மில்லிமீட்டரும் கலந்த குவியலை வைத்தால் மதிப்பெண் போகும். சிறியது கரைவதற்குள் பெரியது வேகாது என்பதுதான் அளவின் அர்த்தம். மதிப்பீட்டாளர் ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்ப்பார். கூடவே குப்பைக் கூடையையும் பார்ப்பார். எவ்வளவு நல்ல காய் வீணாகப் போயிருக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

பிரெஞ்சு மரபின் ஐந்து தாய்ச் சாஸ்களில் ஒன்றைச் செய்யச் சொல்வதும் வழக்கம். பெஷமெல், வெலூட்டே, எஸ்பன்யோல், தக்காளி, ஹாலண்டேஸ் ஆகியவைதான் அந்த ஐந்து. உலகின் எந்த மூலையில் சமைக்கக் கற்றவராக இருந்தாலும் பெரிய ஓட்டல்களும் கப்பல்களும் இந்த மொழியில்தான் பேசிக்கொள்கின்றன. இதில் ஹாலண்டேஸ்தான் ஆளை மடக்கும். நான்கு மஞ்சள் கருவைச் சிறிது நீரும் புளிப்பும் சேர்த்து, கொதிநீரின் ஆவி மேல் பாத்திரம் வைத்து அடிக்க வேண்டும். கெட்டியானதும் சுமார் 250 கிராம் தெளிந்த வெண்ணெயை முதலில் சொட்டுச் சொட்டாகவும் பிறகு நூல் போலவும் ஊற்ற வேண்டும். சூடு 70 டிகிரி செல்சியஸைத் தொட்டால் கரு திரிந்து முட்டைப் பொரியலாகிவிடும். வெண்ணெயை அவசரமாக ஊற்றினால் எண்ணெய் தனியாகப் பிரிந்து மிதக்கும்.

இந்த இரண்டு தோல்வியும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், ஆனால் மருந்து வேறு. எண்ணெய் பிரிந்திருந்தால் வேறொரு பாத்திரத்தில் ஒரு கரண்டி வெதுவெதுப்பான நீர் அல்லது புதிய மஞ்சள் கரு எடுத்து, பிரிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் அடித்துச் சேர்த்தால் மீண்டும் ஒன்றுசேரும். கரு திரிந்து சிறுசிறு கட்டி விழுந்துவிட்டால் மீட்க வழியில்லை, கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். மதிப்பீட்டாளருக்கு உங்கள் சாஸ் முதல் தடவையிலேயே சரியாக வர வேண்டும் என்பதில்லை. எது நடந்தது என்று உங்களுக்குத் தெரிகிறதா, அடுத்து என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் கவனிப்பார். திரிந்த சாஸை வடிகட்டி மறைக்கப் பார்ப்பவரைவிட, "இது போய்விட்டது, ஆறு நிமிடம் கொடுங்கள்" என்று சொல்லித் திரும்பத் தொடங்குபவருக்குத்தான் மதிப்பெண்.

கருவைக் கேட்கும்போது "பாஸ்சுரைஸ் செய்தது இருக்கிறதா" என்று விசாரித்தால் அவர் உங்களை இன்னும் கூர்ந்து பார்ப்பார். பாதி வெந்த முட்டை சேரும் சாஸ்களுக்குக் கப்பல்களில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கேள்வி உணவுப் பாதுகாப்பைப் படித்தவர் வாயிலிருந்துதான் வரும்.

ஓட்டலிலிருந்து கப்பலுக்கு மாறும்போது எல்லாவற்றையும்விடக் கடினமான திருப்பம் இந்த உணவுப் பாதுகாப்புதான். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் பயணிகள் கப்பல்களை அந்த நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் முன்னறிவிப்பின்றிச் சோதிக்கிறது. மொத்தம் 100 மதிப்பெண். 86 எடுத்தால் தேர்ச்சி, 85 எடுத்தால் தோல்வி. முடிவுகள் பொதுமக்கள் பார்க்க வெளியிடப்படுகின்றன. அதனால் தலைமைச் செஃபுக்கு உங்கள் சாஸின் ருசியைப் போலவே நீங்கள் எழுதும் பதிவேடும் முக்கியம்.

ஒரு இரவை எடுத்துக்கொள்வோம். நம் ஆள் இப்போது கப்பலில் சேர்ந்துவிட்டார். 40 லிட்டர் கோழி ஸ்டாக், அதாவது எலும்பை வேகவைத்து எடுத்த சாறு, வடிகட்டி இறக்கியாயிற்று. மணி 9. உணவகப் பழக்கத்தில் அவர் என்ன செய்வார்? மூடி போட்டு ஓரமாக வைப்பார், படுக்கப் போகும் முன் குளிர் அறைக்குள் தள்ளிவிடுவார். எட்டு வருஷம் அப்படித்தான் செய்தார், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்று சொல்வார்.

விதி இது: 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். அங்கிருந்து 5 டிகிரிக்கு இன்னும் நான்கு மணி நேரத்துக்குள். முதல் கட்டத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு அவசரம்? க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. ஸ்டாக் ஆறத் தொடங்கியதும் அவை முளைக்கும். 40 டிகிரி சொச்சத்தில், தோதான நிலையில், பத்து நிமிடத்துக்கு ஒரு முறைகூட இரட்டிப்பாகும். அந்தச் சூட்டு வரம்பை எவ்வளவு வேகமாகத் தாண்டுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

40 லிட்டர் உயரப் பாத்திரத்தின் நடுப்பகுதி அவ்வளவு சீக்கிரம் ஆறாது. மேலே தொட்டால் குளிர்ந்திருக்கும், நடுவில் தெர்மாமீட்டரை விட்டால் மணிக்கணக்கில் சூடாகவே நிற்கும். குளிர் அறையில் வைத்தால் அதன் வெப்பம் பக்கத்தில் இருக்கும் பால், இறைச்சி எல்லாவற்றையும் சேர்த்துச் சூடேற்றும். சரியான வழி, ஸ்டாக்கை ஆழம் குறைந்த தட்டுகளில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் பிரித்து ஊற்றுவது, அல்லது பனிக்கட்டி நீரில் பாத்திரத்தை இறக்கிக் கிளறுவது, அல்லது சூட்டை வேகமாக இறக்கும் ப்ளாஸ்ட் சில்லர் என்ற குளிரூட்டியில் வைப்பது. அப்புறம் நடுப்பகுதியின் சூட்டை நேரத்தோடு எழுத வேண்டும்.

9.20க்கு 57 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கெடு 11.20. பத்து மணிக்குப் பார்த்தால் 44, பதினொன்றுக்குப் பார்த்தால் 30. இந்த வேகத்தில் 11.20க்கு 21 வராது. கெடு முடிய இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. இப்போது ஸ்டாக்கை உடனே 74 டிகிரிக்கு மறுபடி சூடாக்கி, இந்த முறை தட்டுகளில் பிரித்து, முதலிலிருந்து ஆறவைக்கலாம். பதிவேட்டில் நடந்ததை அப்படியே எழுத வேண்டும். 11.20 தாண்டிய பிறகு கவனித்தால் கீழே கொட்டுவதுதான் வழி. 40 லிட்டரைக் கொட்ட மனசு வராது. அந்த நிமிடத்தில்தான் சிலர் "11.15, 20 டிகிரி" என்று எழுதி வைக்கிறார்கள்.

அது வெளியே தெரியாது என்று நினைக்க வேண்டாம். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒவ்வொரு நாளும் சரியாக 20, சரியாக 5 என்று எழுதிய பக்கத்தைப் பார்த்ததும் சோதனைக்கு வருபவருக்குச் சந்தேகம் வந்துவிடும். உண்மையான பதிவேட்டில் 19, 17, 20.5 என்று எண்கள் தாறுமாறாக இருக்கும், நடுவில் மறுபடி சூடாக்கிய குறிப்பும் இருக்கும். பயிற்சியில் மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது இது ஒன்றுதான்: கெட்டுப்போன நாளின் பதிவைக் காட்டுங்கள். ஒன்றுகூட இல்லை என்று சொல்பவர் தெர்மாமீட்டரை எடுப்பதே இல்லை என்று அர்த்தம்.

கப்பல் சமையலறையில் கையைப் பழக்க வேண்டிய இன்னொன்று அடுப்பு. தீ அபாயம் காரணமாகப் பெரும்பாலும் திறந்த சுடர் கிடையாது, எல்லாம் மின்சாரம், நீராவி. சுடரைக் கூட்டிக் குறைத்துப் பழகியவருக்குப் பெரிய சாய்க்கும் தட்டு அடுப்பு மெதுவானதாகத் தோன்றும். அணைத்த பிறகும் சூடு நின்று அடிப்பிடிக்கும். நல்ல பயிற்சி மையம் எது என்று கண்டுபிடிக்க இது ஒரு எளிய வழி. நீராவியும் சூடான காற்றும் சேர்ந்து இயங்கும் காம்பி அடுப்பு, சாய்க்கும் தட்டு அடுப்பு, ப்ளாஸ்ட் சில்லர் மூன்றும் அங்கே இருக்கின்றனவா, மாணவர் கையால் இயக்க விடுகிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

இனிக் கடல் காகிதங்கள். எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேச ஒப்பந்தத்தின்படி கப்பலில் பணிபுரிபவர் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். நீரில் உயிர் பிழைப்பது, தீயணைப்பு, முதலுதவி, சொந்தப் பாதுகாப்பும் சமூகப் பொறுப்பும் என்று அதில் நான்கு பகுதி. நீர், தீ சம்பந்தப்பட்ட திறனை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக் காட்ட வேண்டும். மருத்துவச் சான்றிதழ் அதிகபட்சம் இரண்டு ஆண்டு செல்லும். இந்த வரிசையில் பலர் தவறு செய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் முதலில் மருத்துவச் சான்றிதழை வாங்கி வைத்துவிட்டு, டிப்ளமோ முடிவதற்குள் அது காலாவதியாகிவிடும். அதற்கு நேர்மாறாக, தோல் நோயோ நெஞ்சுக் கோளாறோ இருப்பது தெரிந்தும் மருத்துவரைப் பார்க்காமல் படிப்பெல்லாம் முடித்துவிட்டுக் கடைசிச் சோதனையில் நின்றுபோகிறவர்களும் உண்டு. பழைய நோய் இருந்தால் படிப்பில் சேரும் முன்பே கடல் மருத்துவர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். முறையான சான்றிதழை வேலை உறுதியாகும் நேரத்தில் வாங்கலாம்.

"கப்பல் சமையல்காரர் சான்றிதழ்" என்று ஒன்று தனியாக இருப்பதும் குழப்பம் தரும். 2006ல் நிறைவேறி 2013ல் அமலுக்கு வந்த கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம், கப்பல் ஊழியர்களுக்குச் சமைக்கும் பொறுப்பாளருக்கு அந்தத் தகுதியைக் கேட்கிறது. சரக்குக் கப்பலில் ஒற்றை ஆளாகச் சமைக்கப் போகிறவருக்கு அதுதான் முதல் காகிதம். பயணிகள் கப்பலின் பெரிய சமையலறையில் கமி என்ற ஆரம்பநிலைச் சமையல்காரராகவோ அதற்கு மேல்படியான டெமி சிடிபியாகவோ சேருபவரிடம் பொதுவாக அதைக் கேட்பதில்லை. எந்தக் கப்பல், எந்தப் பதவி என்று தெரியாமல் அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

பணம் என்றதும் இன்னொன்று. அதே ஒப்பந்தம், வேலை தேடித் தருவதற்காக மாலுமியிடமோ கப்பல் ஊழியரிடமோ கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. மருத்துவச் சான்றிதழ், மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட் போன்ற சொந்தப் பயண ஆவணம் ஆகியவற்றின் செலவு மட்டும் உங்களுடையது. விசாச் செலவு கப்பல் உரிமையாளருடையது. "டிப்ளமோவும் வேலையும் சேர்த்து ஒரே தொகை" என்று யாராவது சொன்னால், அதில் படிப்புக்கு எவ்வளவு, வேலைக்கு எவ்வளவு என்று எழுத்தில் பிரித்துக் கேளுங்கள். வேலைக்கு என்று ஒரு தொகை எழுதினாலே அது விதிமீறல். எழுத மறுத்தால் அதுவே பதில்.

டிப்ளமோவின் தரத்தைச் சோதிக்கவும் ஒரு கேள்வி போதும்: சான்றிதழில் கையெழுத்திடுவது யார்? பயிற்சி மையமே பாடம் நடத்தி, தானே தேர்வு வைத்து, தானே சான்றிதழும் தந்தால் அதன் மதிப்பு அந்த மையத்தின் பெயரோடு நின்றுவிடும். வெளி அமைப்பு ஒன்று சான்றிதழ் தருவதாகச் சொன்னால், அந்த அமைப்பிடமே நேரடியாக எழுதி, இந்த மையம் உங்கள் அங்கீகாரம் பெற்றதா, எந்தப் படிப்புக்கு என்று கேட்கலாம். "எந்தப் படிப்புக்கு" என்பதை விட்டுவிடாதீர்கள். குறுகிய உணவுச் சுகாதார வகுப்புக்கு மட்டும் அனுமதி வாங்கிய மையம், வாசலில் அந்தச் சின்னத்தைப் பெரிதாக மாட்டி வைத்திருக்கலாம்.

கடைசியாகப் பதவி. உணவகத்தில் முழு அடுப்பையும் நடத்தியவருக்கு, கப்பலில் முதல் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் கமி நிலைதான் கிடைக்கும், நல்ல டிப்ளமோ இருந்தாலும். அவமானமாகத் தோன்றும். ஆனால் சிடிபி என்ற பிரிவுப் பொறுப்பாளரின் கீழ் ஆட்கள் இருப்பார்கள், அவர்களுடைய பதிவேட்டுக்கும் அவர்தான் பொறுப்பு. அதை முதலில் பார்த்துப் பழக வேண்டியிருக்கிறது. பேரம் பேச வேண்டுமானால் சம்பளத்தைவிட ஒன்றைக் கேளுங்கள்: எந்தப் பிரிவில் போடுவீர்கள், ஒப்பந்த நடுவில் பிரிவு மாற்றம் உண்டா? செஃப் சான்றிதழுக்கு ஆதாரம் திரட்டும்போது ஒரே பிரிவில் ஆறு மாதம் காய் நறுக்கியவரிடம் காட்ட அதிகம் இருக்காது. சாஸ், குளிர் உணவு, இறைச்சி என்று மூன்றில் நின்றவர் சீட்டுகள், பதிவேடுகள், மேலதிகாரியின் கையெழுத்து எல்லாவற்றையும் கையோடு கொண்டுவருவார். கப்பலிலிருந்து இறங்கிய பிறகு அந்தக் கையெழுத்தைத் தேடிப் பிடிப்பது கடினம், ஏனென்றால் அந்த செஃபும் அதற்குள் வேறொரு கப்பலுக்குப் போயிருப்பார். இறங்குவதற்கு முந்தைய வாரமே வாங்கிவிடுங்கள்.